லாகில் எடுத்த வீடியோவில் நிறம் ஒழுங்காக வரவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் தறி ஓடுவதை ஐஃபோன் 15 ப்ரோவில் லாகில் எடுத்தேன்; லாக் என்பது, பிறகு நிறத்தை மீட்டுக்கொள்ளும்படி வெளிச்சத்தை நெருக்கிப் பதிவு செய்யும் முறை. தரையோடு தரையாகக் குழித்தறி, இடப்பக்கம் திறந்த வாசல், தலைக்கு மேல் ஒரு டியூப்லைட், பாவில் ராணி கலர் பட்டு. எடுக்கும்போது திரையில் எல்லாம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. அது லாகின் இயல்பு, கவலை இல்லை. வீட்டுக்கு வந்து டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நிறத்தை மீட்டபோதுதான் கோளாறுகள் வரிசையாக வெளியே வந்தன. நெசவாளர் முகத்தில் பொரி பொரியாக நாய்ஸ், சுவரில் பச்சை, பட்டு நூல் நூலாகத் தெரியாமல் ஒரே சாயத் திட்டு. மறுவாரம் திரும்பிப் போய் இன்னொரு முறை எடுத்தேன். இரண்டு நாள் ஃபுட்டேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை, அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

உதாரணமெல்லாம் ஆப்பிள் லாகும் ரிசால்வும்தான். சோனியின் எஸ்-லாக்3 போன்றவற்றிலும் தேடும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

## முதலில் செய்ய வேண்டிய ஒரே சோதனை

நிறத்தை மீட்பது என்றால், லாக் வளைவிலும் அகன்ற நிறவெளியிலும் பதிவான படத்தைச் சாதாரணத் திரை காட்டக்கூடிய Rec.709 அளவுக்கு மாற்றுவது. ரிசால்வில் இதை Color Space Transform என்ற எஃபெக்ட் செய்யும். சிலர் லட் என்ற ஆயத்த நிறமாற்றக் கோப்பைப் போட்டுச் செய்வார்கள். இனி இதை 'மாற்றம்' என்றே சொல்கிறேன்.

படம் எப்படிக் கெட்டுத் தெரிந்தாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: பழுது மாற்றத்துக்கு முன்னாலா, மாற்றத்திலேயா, பின்னாலா? ரிசால்வில் ஒவ்வொரு திருத்தமும் நோட் என்ற தனிக் கட்டத்தில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மாற்றம் இருக்கும் நோடை அணைத்துவிட்டு, படத்தின் வெளிச்சத்தை உயரமாக வரைந்து காட்டும் வேவ்ஃபார்மைப் பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம். லாக் படத்தைப் பார்த்து வெளிச்சம் போதுமா என்று கண்ணால் சொல்லவே முடியாது. சாம்பல் நிறத்தில் எல்லாமே போதுமானதாகத்தான் தோன்றும்.

ரிசால்வின் வேவ்ஃபார்ம் 0 முதல் 1023 வரை படி போட்டிருக்கும். ஆப்பிள் லாகில் முழுக் கறுப்பு ஏறக்குறைய 154-இல் நிற்கும். கடையில் கிடைக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டை, சரியான எக்ஸ்போஷரில் 500-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளைத் தாள் 700-க்குச் சற்றுக் கீழே. நடுப்பகுதியில் ஒரு ஸ்டாப் வித்தியாசம், அதாவது ஒளி இரட்டிப்பாவதோ பாதியாவதோ, 80 முதல் 85 படி. இந்த நான்கு எண்களைத் தறிக்குப் பக்கத்தில் மாட்டிய அளவுகோல் மாதிரி மனதில் வைத்துக்கொண்டால் போதும். கீழே வரும் பெரும்பாலான கோளாறுகளை இவற்றை வைத்தே அடையாளம் காணலாம்.

கறுப்பைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. லென்ஸைக் கையால் இறுக மூடி ஐந்து நொடி பதிவு செய்யுங்கள். அந்தக் கிளிப்பில் கோடு 154-ஐச் சுற்றி நின்றால் கோப்பு சரியாகப் படிக்கப்படுகிறது. 195-க்குப் பக்கத்தில் நின்றால், வீடியோ லெவலில் உள்ள கோப்பை ரிசால்வ் ஃபுல் லெவலாகப் படிக்கிறது. 105-க்குப் பக்கத்தில் இறங்கிக் கிடந்தால் அதற்கு நேர் எதிர். Clip Attributes போய் Data Levels என்பதை மாற்றினால் இரண்டும் தீரும். இது அடிக்கடி வராது. ஆனால் வந்துவிட்டால், என்ன கிரேடிங் செய்தாலும் கறுப்பு வெளுத்தோ அடைத்தோதான் இருக்கும். காரணம் தெரியாமல் ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

## அறிகுறி: மாற்றம் போட்டதும் படம் கரேலென்று, தோல் செங்கல் நிறத்தில்

நிழலெல்லாம் அடைத்துப்போய், முகம் சிவந்து, வெள்ளை வேட்டி கண்ணைக் குத்துகிறதா? பெரும்பாலும் மாற்றம் இரண்டு முறை நடந்திருக்கும். Project Settings-இல் Color Management பக்கத்தைத் திறந்து Color Science எதில் இருக்கிறது என்று பாருங்கள். DaVinci YRGB Color Managed என்று இருந்தால், ரிசால்வ் தன் பாட்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறது. அதன் மேல் நீங்கள் இன்னொரு லட்டையோ Color Space Transform-ஐயோ போட்டால் இரண்டாவது மாற்றம். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். கற்றுக்கொள்ளும்போது வெறும் DaVinci YRGB-இல் வைத்துவிட்டு, மாற்றத்தை நோடில் நம் கையால் போடுவது நல்லது என்பது என் கருத்து. எது எங்கே நடக்கிறது என்று கண்ணுக்கு எதிரே இருக்கும். அணைத்துப் பார்த்துத் தப்பைப் பிடிக்கலாம்.

Color Managed இல்லை, ஆனாலும் படம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்றால், லட் வேறு கேமராவுக்கானது. இணையத்தில் இறக்கிய எஸ்-லாக்3 லட்டை ஆப்பிள் லாக் மேல் போடுவது நான் அதிகம் பார்த்த தவறு. எஸ்-லாக்3-இல் கறுப்பு 95-ஆவது படியில், சாம்பல் அட்டை 420-இல். ஆப்பிள் லாகில் அதே அட்டை 500-இல். 500-இல் இருப்பதை அந்த லட் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் பிரகாசமான பொருள் என்று எடுத்துக்கொள்ளும். கறுப்பும் 154-இல் இருப்பதால் அது கறுப்பாகவே இறங்காது. படம் மேலே வெந்து, கீழே வெளுத்து, நிறமும் திசை மாறி நிற்கும்.

ஆப்பிள் லாகுக்கான சரியான அமைப்பு இது:

```
Input Color Space:  Rec.2020
Input Gamma:        Apple Log
Output Color Space: Rec.709
Output Gamma:       Gamma 2.4
Tone Mapping:       DaVinci
```

Input Gamma பட்டியலில் Apple Log என்ற பெயரே இல்லையென்றால் உங்கள் ரிசால்வ் பழையது; புதிய பதிப்பு வேண்டும். ஐஃபோன் 17 ப்ரோவில் வந்த ஆப்பிள் லாக் 2-இன் நிறவெளி வேறு. அந்தக் கோப்புக்கு மேலே உள்ள அமைப்பைப் போட்டால் வெளிச்சம் சரியாக இருந்தும் நிறம் மட்டும் தப்பாகத் தெரியும்.

## அறிகுறி: மாற்றம் போட்ட பிறகும் வெளிறித் தெரிகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் சாதாரணம். ஒன்று, நோடின் வரிசை. மாற்றத்துக்குப் பின்னால் உள்ள நோடில் Lift-ஐ ஏற்றி, Gain-ஐ இறக்கித் திருத்திக்கொண்டிருந்தால், மாற்றம் கொடுத்த மாறுபாட்டை நாமே அவிழ்த்துக்கொண்டிருப்போம். எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் மாற்றத்துக்கு முன்னால் உள்ள நோடில்தான் திருத்தப்பட வேண்டும். மாற்றத்துக்குப் பின்னால், கறுப்பைக் கொஞ்சம் அழுத்துவது, நிறச்செறிவைத் துளி கூட்டுவது போன்ற கடைசித் தொடுதல் மட்டும்.

காரணம் எளிது. மாற்றம் நடக்கும்போது வாசலின் பிரகாசமெல்லாம் Rec.709-இன் உச்சிக்குள் அமுக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஒளியைக் குறைத்தால் வாசல் வெள்ளையிலிருந்து அழுக்குச் சாம்பலாகுமே தவிர, வெளியே நிற்கும் வேப்பமரம் திரும்பி வராது. முன்னாலேயே குறைத்தால் மரம் வரும்.

இன்னொன்று, கிளிப் லாகே இல்லாமல் இருப்பது. ஐஃபோனின் சொந்த கேமராவில் லாக் என்பது ப்ரோரெஸ் என்ற கோப்பு வடிவத்தோடு சேர்ந்துதான் வரும். Settings, Camera, Formats, Apple ProRes என்று போய் ProRes Encoding-இல் Log என்று வைத்தால் மட்டும் போதாது. கேமரா திரையில் ப்ரோரெஸ் லாக் பொத்தானையும் ஒவ்வொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். அது அணைந்திருந்தால் சாதாரண வீடியோதான் பதிவாகும். கறுப்புச் சோதனை இங்கேயும் கைகொடுக்கும்: மூடிய லென்ஸில் கோடு 0-ஐ ஒட்டிக் கிடந்தால் அது லாக் இல்லை. மாற்றமே தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: முகத்திலும் நிழலிலும் நாய்ஸ்

என் முதல் நாள் ஃபுட்டேஜின் பெரிய நோய் இதுதான். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

தறிக்குப் பக்கத்தில் வாசல் பளீரென்று இருந்தது. அது வெந்துவிடக் கூடாது என்று ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டே போனேன். திரையில் நெசவாளரின் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. தெரியத்தான் செய்யும், லாக் இருட்டையும் தூக்கித்தான் காட்டும். வீட்டில் வேவ்ஃபார்மைப் பார்த்தால், ஊடைப் பக்கம் வைத்திருந்த சாம்பல் அட்டை 340-இல் கிடந்தது. 500-இல் இருக்க வேண்டியது 340-இல் என்றால் சுளையாக இரண்டு ஸ்டாப் குறைவு. சென்சாருக்கு வர வேண்டிய ஒளியில் கால் பங்குதான் வந்திருக்கிறது. அதைச் சாதாரண வெளிச்சத்துக்கு ஏற்ற நான்கு மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கும்போது முகத்தோடு சேர்ந்து நாய்ஸும் நான்கு மடங்காகிறது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. சாதாரண வீடியோ எடுக்கும்போது ஃபோனே நாய்ஸைத் துடைத்து, விளிம்புகளைக் கூர்மையாக்கித் தந்துவிடும். லாகில் அந்த வேலை பெருமளவு குறைக்கப்பட்டிருக்கும். ஆகவே அதே இடம், அதே வெளிச்சம், லாகில் மட்டும் நாய்ஸ் கூடுதல் என்று தோன்றுவது பிரமை இல்லை.

எடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்யலாம்? அரை ஸ்டாப் குறைவென்றால் மாற்றத்துக்கு முன்னால் உள்ள நோடில் Offset சக்கரத்தை ஏற்றினால் போதும். இரண்டு ஸ்டாப்பை Offset-இல் ஏற்றினால் கறுப்பும் 154-இலிருந்து கூடவே ஏறி, படம் முழுக்கப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில், மாற்றத்துக்கு முன்னால் மூன்று நோட் போடுங்கள். முதலாவதில் ஒரு Color Space Transform: உள்ளே Rec.2020, Apple Log, வெளியே Rec.2020, Linear. டோன் மேப்பிங் வேண்டாம், None. நடு நோடில் Gain. மூன்றாவதில் முதலாவதற்கு நேர் எதிர்: Linear-இலிருந்து திரும்ப Apple Log, இதிலும் None. நடுவில் உள்ள Gain இப்போது கேமராவின் வெளிச்சம் மாதிரியே நடந்துகொள்ளும். 2.00 என்றால் ஒரு ஸ்டாப், 4.00 என்றால் இரண்டு ஸ்டாப். கறுப்பு நகராமல் அதன் இடத்திலேயே நிற்கும். என் கிளிப்பில் 4.00 வைத்ததும் அட்டை 500-க்கு வந்து உட்கார்ந்தது.

வெளிச்சம் சரியானது, நாய்ஸ் போகவில்லை. ரிசால்வின் நாய்ஸ் ரிடக்ஷன் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் இருக்கிறது. அது இருந்தால் முதல் நோடிலேயே, எல்லாவற்றுக்கும் முன்னால் போடுங்கள். பெருக்குவதற்கு முன் துடைப்பதுதான் சுத்தமாக வரும். இலவசப் பதிப்பில் செய்யக்கூடியது: மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நோடில் Lum Vs Sat வளைவைத் திறந்து, இருட்டுப் பக்கத்து முனையை மட்டும் கீழே இழுங்கள். நிழலில் சிவப்பும் பச்சையுமாய் மினுக்கும் புள்ளிகள் நிறமிழந்துவிடும். நிறமில்லாத நாய்ஸ் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. அப்புறம் கறுப்பைக் கொஞ்சம் அழுத்திவிடுங்கள். குழித்தறியின் குழி இருட்டாக இருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அது நேரிலேயே இருட்டுதான்.

இரண்டாம் நாள் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையான மருந்து அங்கேதான். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் எடுத்தேன். அதில் ஃபால்ஸ் கலர் உண்டு. எந்தப் பகுதி எந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்று நிறம் போட்டுக் காட்டும். சாம்பல் அட்டையை நெசவாளரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அது நடுத்தர அளவைக் காட்டும் வரை ஐஎஸ்ஓவை ஏற்றிப் பூட்டினேன். மாநிறத் தோல் அட்டையைவிட அரையிலிருந்து ஒரு ஸ்டாப் கீழே நிற்பது இயல்பு. அதை அட்டை அளவுக்கு ஏற்ற வேண்டியதில்லை; ஏற்றினால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். வாசலுக்கு என்ன செய்தேன்? அவர் மனைவியிடம் கேட்டு ஒரு வெள்ளை வேட்டியை வாங்கி வாசலில் தொங்கவிட்டோம். கண்ணைக் கூசிய ஒளி மெத்தென்று பரவி முகத்தில் விழுந்தது. கேமராவையும் ஓரடி நகர்த்தியதில் வாசலின் விளிம்பு மட்டும் ஃபிரேமுக்குள் வந்தது. அந்த வேட்டி செய்த வேலையை எந்த நோடும் செய்திருக்காது.

## அறிகுறி: வாசல் மாவு மாதிரி, உள்ளே ஒன்றுமே இல்லை

மாற்றத்தை அணைத்துவிட்டு வேவ்ஃபார்மின் மேல் பக்கத்தைப் பாருங்கள். கோடு கத்தியால் சீவியது போல ஒரே உயரத்தில் தட்டையாக நின்றால், அங்கே சென்சார் நிறைந்துவிட்டது. அதை மீட்க வழி கிடையாது. இழுத்து இறக்கினால் சாம்பல் பலகைதான் வரும். வெள்ளையாகவே விட்டுவிடுவது மேல். கோடு மேலே போய் மேடு பள்ளமாக இருந்தால் தகவல் இருக்கிறது. மாற்றத்துக்கு முன் Gain-ஐக் குறைத்துப் பாருங்கள், வரும்.

முகமா வாசலா என்று ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால் நான் முகத்தைத்தான் எடுப்பேன்.

## அறிகுறி: சுவரும் தோலும் பச்சை, அல்லது படத்தில் ஓடும் பட்டை

பட்டையை முதலில் முடித்துவிடுகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த மினுக்கல் முழுசாக அடங்கிவிடும். 1/60, 1/120 என்று வைத்தால் பட்டை ஓடும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவாகிவிட்ட பட்டையை கிரேடிங்கில் எடுக்க முயல வேண்டாம்.

பச்சை வேறு கதை. பழைய டியூப்லைட்டின் ஒளியில் பச்சை தூக்கலாக இருக்கும். நம் கண் அதைப் பழகிவிடுகிறது, சென்சார் பழகுவதில்லை. ஸ்கோப்பில் Parade-ஐத் திறந்து, சாம்பல் அட்டை இருக்கும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பச்சை மட்டும் மேலே இருந்தால், மேலே சொன்ன Linear நோடில் Gain-க்குக் கீழே உள்ள பச்சையின் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மூன்றையும் சமப்படுத்துங்கள். Lum Mix என்பதை 0 ஆக்கிவிட்டால் ஒன்றைத் தொடும்போது மற்ற இரண்டும் இழுபடாது.

இப்படிச் செய்தும் முகத்தின் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் ஊதாச் சிவப்பாக மாறினால், அங்கே இரண்டு விதமான ஒளி கலந்திருக்கிறது. என் முதல் நாள் அப்படித்தான்: இடக் கன்னத்தில் வாசல் வெளிச்சம், நெற்றியில் டியூப்லைட். இதற்கு ஒரே எண்ணில் தீர்வு கிடையாது. வாசல் பக்கத்துக்கு ஒரு Window வரைந்து தனியாகத் திருத்தலாம். ஆனால் நாடா இடமும் வலமும் போகும்போது அவர் உடம்பும் கூடவே ஆடுகிறது. Window அவரைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் நாள் டியூப்லைட்டை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஷாட் ஓடும்போதே நிறம் நடுவில் ஊர்ந்து மாறினால், ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்திருக்கிறது. ராணி கலர் பாவு ஃபிரேமை நிறைக்கும்போது ஆட்டோ அதைச் சமன்செய்யப் பார்த்துச் சுவரைப் பச்சையாக்கிவிடும். அதைக் கீஃபிரேம் போட்டுத்தான் திருத்த வேண்டும்; அலுப்பான வேலை. எடுக்கும் முன் பூட்டிவிடுங்கள்.

## அறிகுறி: பட்டு ஒரே சாயத் திட்டாக

இது பட்டு, சாமந்தி, கோயில் குங்குமம், எல்இடி சீரியல் லைட் எல்லாவற்றிலும் வரும். தோல் இயல்பாக இருக்கிறது, சுவர் வெள்ளையாக இருக்கிறது, ராணி கலர் பாவு மட்டும் பெயின்ட் கொட்டின மாதிரி. நூலும் இல்லை, மடிப்பும் இல்லை.

மாற்றத்தை அணைத்துப் பாருங்கள். என் கிளிப்பில் அணைத்தவுடனே நூல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, போட்டவுடனே மறைந்தது. ஆக, பதிவில் பழுதில்லை, மாற்றத்தில்தான். Parade-இல் பார்த்தால் காரணம் அப்பட்டமாகத் தெரியும்: பட்டு இருக்கும் இடத்தில் சிவப்பு உச்சியில் ஒட்டிக்கொண்டு, பச்சை தரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். Rec.2020 பெரிய பெட்டி, Rec.709 சின்னப் பெட்டி. ராணி கலர் சின்னப் பெட்டிக்கு வெளியே நிற்கிறது. வெளியே நிற்கும் நூறு விதமான ராணி கலரும் பெட்டியின் சுவரில் மோதி ஒரே நிறமாகிவிடுகின்றன. நூலுக்கு நூல் இருந்த வித்தியாசம் அங்கேதான் தொலைகிறது.

Color Space Transform-இலேயே Gamut Mapping Method என்று ஒன்று இருக்கிறது. அதை Saturation Compression என்று வையுங்கள். பெட்டிக்கு வெளியே இருப்பதை வெட்டாமல், உள்ளே வரும்படி அமுக்கும். அதற்கும் அடங்கவில்லையென்றால், மாற்றத்துக்கு முன்னால் ஒரு நோடில் Hue Vs Sat வளைவில் அந்த நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் செறிவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். Parade-இல் பச்சைக் கோடு தரையிலிருந்து கிளம்பி மேடு பள்ளம் காட்டத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். என் கிளிப்பில் அதோடு நூல் திரும்பி வந்தது. பாவு நேரில் பார்த்ததைவிடச் சற்று அடங்கித்தான் தெரிந்தது. சாதாரணத் திரையில் அந்த நிறம் முழுசாக வராது. நிறத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நெசவைக் காப்பாற்றினேன். நெசவைக் காட்டத்தானே அங்கே போனது.

மாற்றத்தை அணைத்தும் நூல் தெரியவில்லையென்றால் அது பதிவிலேயே போய்விட்டது. எக்ஸ்போஷர் கூடி, சிவப்பு மட்டும் நிரம்பியிருக்கும். பட்டுக்காரர்களைப் படம் எடுக்கும்போது ஒட்டுமொத்த ஹிஸ்டோகிராமை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்க வேண்டாம் என்பது இதனால்தான். மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

## அறிகுறி: சுவரிலும் வானத்திலும் படிக்கட்டு

வெள்ளைச் சுவரில் வெளிச்சம் மெல்ல மங்க வேண்டிய இடத்தில் வரிவரியாகப் படி தெரிந்தால், கிளிப் 8 பிட்டாக இருக்கலாம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படி, 10 பிட்டில் 1024. லாக் எல்லா வெளிச்சத்தையும் நடுவில் நெருக்கி வைப்பதால், மாற்றத்தில் அதை விரிக்கும்போது 256 போதாமல் போகும். சந்தேகம் இருந்தால் கோப்பையே கேட்டுவிடலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 \
  -show_entries stream=codec_name,pix_fmt \
  -of default=nw=1 thari.mov
```

pix_fmt என்ற வரியில் yuv420p10le அல்லது yuv422p10le என்று 10 இருந்தால் 10 பிட். வெறும் yuv420p என்றால் 8 பிட். பழைய மிரர்லெஸ் கேமராக்கள் சில எஸ்-லாக் தந்தாலும் 8 பிட்டில்தான் பதிவு செய்யும். அவற்றில் வெற்றுச் சுவரும் அந்தி வானமும் வரும் காட்சிகளுக்கு நான் லாகே போடமாட்டேன்.

ஐஃபோன் ப்ரோரெஸ் 4கே நிமிடத்துக்கு 6 ஜிபி வரை சாப்பிடும். 128 ஜிபி 15 ப்ரோவில், வெளியே எஸ்எஸ்டி மாட்டாமல், ப்ரோரெஸ் 1080-க்கு மேல் போகாது. நான் பிளாக்மேஜிக் கேமராவில் 10 பிட் எச்இவிசியில்தான் எடுத்தேன். தறி வீடியோவுக்கு அது தாராளம்.

## அறிகுறி: ரிசால்வில் சரி, எக்ஸ்போர்ட் செய்ததும் வெளுத்துவிட்டது

முதலில் எக்ஸ்போர்ட் ஆன கோப்பைத் திரும்ப ரிசால்வுக்குள் கொண்டுவந்து மூலத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வேவ்ஃபார்ம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் கோப்பில் பழுதில்லை, பார்க்கும் செயலிதான் வேறுவிதமாகக் காட்டுகிறது. மேக்கில் குயிக்டைம் பிளேயரில் பார்க்கும்போது இது பரவலாக நடப்பது. மேக்கில் வேலை செய்கிறவர்கள் Output Gamma-விலும் எக்ஸ்போர்ட்டின் Gamma Tag-இலும் Gamma 2.4-க்குப் பதில் Rec.709-A வைத்தால் இரண்டும் நெருங்கிவிடும். மற்றபடி எல்லாரும் பார்க்கப்போகும் இடத்தில், அதாவது ஒரு சாதாரண ஃபோனில், ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நெசவாளருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியபோது அது இன்னொரு முறை நசுக்கப்பட்டு, பாவில் நூலெல்லாம் குழைந்துபோனது. டாக்குமென்ட்டாக அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். கோர்வை போடும் இடத்தில் கரையும் உடலும் சேரும் பல் தெளிவாகத் தெரிகிறது, அதை மட்டும் கொஞ்சம் நீளமாக வெட்டித் தர முடியுமா தம்பி என்று கேட்டார்.